கூடுதலாகப் போய்விட்ட சம்பளத்தைத் திரும்பப் பெறுவது: எவ்வளவு கேட்கலாம், எந்த வேகத்தில் கேட்கலாம்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இரவு ஷிப்டிலிருந்து பகல் ஷிப்டுக்கு மாறினார். ஆனால் மாதம் 4,000 இரவுப் படி நிற்காமல் ஆறரை மாதமாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. இப்போதுதான் கவனித்தோம். மொத்தம் 26,000. நடுவில் வரி ஆண்டும் மாறிவிட்டது. அடுத்த மாதச் சம்பளத்திலேயே முழுசாகப் பிடித்துவிடச் சொல்கிறார் மேலாளர். அப்படிச் செய்யலாமா? நியாயமாக எப்படிச் செய்வது?

பதில்:

அப்படிச் செய்ய வேண்டாம். ஒரே மாதத்தில் பிடிப்பது கடுமையானது என்பது ஒரு காரணம்தான். அதற்கும் முந்தைய காரணம், அவர் திருப்பித் தர வேண்டிய தொகை 26,000 இல்லை என்பது. அவர் கையில் 26,000 போய்ச் சேரவே இல்லை. சம்பளப் பிரிவுகளில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான்: மொத்தச் சம்பளத்தில் எவ்வளவு கூடிப்போனதோ, அதை அப்படியே கைக்கு வரும் சம்பளத்திலிருந்து பிடித்துவிடுவது. முதல் தவறு நிறுவனத்துக்கு நஷ்டம். இந்த இரண்டாவது தவறு ஊழியருக்கு நஷ்டம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவருடைய சரியான மொத்தச் சம்பளம் 36,000, இரவுப் படி சேர்த்து 40,000 போய்க்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். சேமநிதிக்கு மொத்தத்தில் 10 சதவீதம், மீதியில் வரி 10 சதவீதம் பிடிக்கிறீர்கள் என்றும் எளிமைக்காக வைத்துக்கொள்வோம். தவறாகப் போன ஒவ்வொரு 4,000-லும் 400 சேமநிதிக்குப் போயிற்று, மீதி 3,600-ல் 360 வரிக்குப் போயிற்று. அவர் கைக்கு வந்தது 3,240 மட்டும்தான். ஆறரை மாதத்துக்குக் கணக்கிட்டால் மொத்தத்தில் கூடியது 26,000, கைக்கு வந்தது 21,060. மிச்சம் 4,940 வரித்துறையிலும் சேமநிதியிலும் இருக்கிறது. அதை அங்கிருந்து திரும்ப வாங்கவோ சரிக்கட்டவோ வேண்டியது நிறுவனத்தின் வேலை. அவர் பார்க்காத பணத்தை அவரிடம் கேட்கக் கூடாது.

ஆனால் 21,060 என்பதும் இறுதித் தொகை இல்லை. விகிதத்தை வைத்துப் பெருக்கிப் பார்ப்பது ஒரு தோராயத்துக்குத்தான் உதவும். செய்ய வேண்டியது, ஒவ்வொரு மாதச் சம்பளத்தையும் முதலிலிருந்து சரியாகப் போட்டுப் பார்ப்பது. அந்த மாதம் சரியாக நடந்திருந்தால் சீட்டில் என்ன வந்திருக்கும், உண்மையில் என்ன வந்தது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று மாதம் மாதமாக எழுதுங்கள். வரி படிப்படியாக ஏறும் முறையாக இருந்தால் சில மாதங்களில் விகிதம் வேறாக இருக்கும். ஓவர்டைம் கூலியை மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுகிறீர்கள் என்றால், இரவுப் படி அதையும் சேர்த்து ஏற்றிவிட்டிருக்கும். பாதி மாதத்துக்கு 2,000 என்று எடுத்திருக்கிறீர்கள். அதையும் ஒருமுறை பாருங்கள். மாத நடுவில் சேருகிறவர்களுக்கும் விலகுகிறவர்களுக்கும் நாள் கணக்கை எப்படிப் பிரிக்கிறீர்களோ, நாட்காட்டி நாளோ வேலை நாளோ, அதே முறைதான் இங்கும். திரும்ப வாங்கும்போது மட்டும் நமக்குச் சாதகமான முறைக்கு மாறக் கூடாது.

இப்படி மாதம் மாதமாகப் போட்டுப் பார்க்கும்போது, ஊழியருக்கு நாம் தர வேண்டியதும் வெளியே வரும். இதைத் தேடிப் பார்க்காதவர்கள்தான் அதிகம். உதாரணமாக, நான்காவது மாதத்தில் உடன் வேலை செய்பவர் விடுப்பில் போனதால் இவர் ஆறு இரவுகள் வந்து பார்த்திருக்கிறார் என்று வையுங்கள். பகல் ஷிப்டுக்காரர் எப்போதாவது இரவில் வந்தால் ஓர் இரவுக்கு 200 என்பது உங்கள் விதி. ஆனால் மென்பொருளைப் பொறுத்தவரை அவர் மாதப் படி வாங்கிக்கொண்டிருப்பவர், ஆகவே தனியாக எதுவும் போடவில்லை. இப்போது மாதப் படியை விலக்கினால் அந்த 1,200 அவருக்கு வர வேண்டியது. வருகைப் பதிவையும் ஷிப்ட் அட்டவணையையும் எடுத்து வைத்துப் பார்த்தால்தான் இது தெரியும், சம்பளப் பட்டியலை மட்டும் பார்த்தால் தெரியாது. ஆகவே உண்மையான கூடுதல் 26,000-லிருந்து 24,800 ஆகக் குறைகிறது. அதில் சேமநிதி 2,480, வரி 2,232, கைக்குப் போனது 20,088. கேட்க வேண்டிய தொகை இந்த 20,088.

மேலாளர் சொன்னதற்கும் இதற்கும் 5,912 வித்தியாசம். இன்னொன்றையும் அவரிடம் காட்டுங்கள். சரியான சம்பளத்தில் ஊழியர் கைக்கு வருவது 29,160. அதில் 26,000-ஐப் பிடித்தால் அந்த மாதம் அவருக்கு மிஞ்சுவது 3,160. எந்த மேலாளரும் இந்த எண்ணைப் பார்த்த பிறகு கொஞ்சம் யோசிப்பார்.

அடுத்தது வரி ஆண்டு மாறிய விஷயம். உங்கள் கேள்வியில் சிக்கலான பகுதி இதுதான். பாதி மாதமும் அதற்கு அடுத்த இரண்டு மாதங்களும் பழைய ஆண்டில் விழுந்தன என்று வைத்துக்கொண்டால், மொத்தத்தில் 10,000 பழைய ஆண்டைச் சேர்ந்தது, மீதி 14,800 நடப்பு ஆண்டைச் சேர்ந்தது. நடப்பு ஆண்டுப் பகுதி எளிது. ஆண்டு இன்னும் முடியவில்லை, அதனால் பெரும்பாலான நாடுகளில் நிறுவனமே தன் வரிக் கணக்கில் குறைத்துச் சரிசெய்துகொள்ள முடியும். ஊழியர் கைக்கு வந்த 11,988-ஐத் திருப்பினால் போதும். பழைய ஆண்டில் கைக்கு வந்தது 8,100, சேமநிதி 1,000, வரி 900. அந்த 900 ஏற்கெனவே அவர் பெயரில் வரித்துறையில் வரவு வைக்கப்பட்டு, ஆண்டு வருமானச் சான்றும் கொடுத்தாயிற்று. அதை யார் திரும்பப் பெறலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

அமெரிக்காவில், முந்தைய ஆண்டின் கூடுதல் சம்பளத்தை இந்த ஆண்டு திருப்பினால், வருமான வரியாகப் பிடித்ததையும் சேர்த்தே ஊழியர் திருப்ப வேண்டும். அதிகம் கட்டிய வரிக்கு அவரே தன் வரிக் கணக்கில் நிவாரணம் கேட்க வேண்டும். கனடாவிலும் முன்பு இதே நிலைதான். அங்கே அரசு ஊழியர்களுக்காக 2016-ல் ஃபீனிக்ஸ் என்ற சம்பள மென்பொருள் வந்தது. அது ஏராளமானவர்களுக்குக் குறைவாகவும் ஏராளமானவர்களுக்குக் கூடுதலாகவும் சம்பளம் போட்டது. கூடுதலாக வாங்கியவர்கள், ஆண்டு மாறிவிட்டால், தங்கள் கைக்கு வராத வரிப் பணத்தையும் சேர்த்து முதலில் கட்டிவிட்டு, பிறகு வரித்துறையிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. தவறு செய்தது வேலை கொடுத்தவர், அலைந்தது ஊழியர். 2019-ல் அரசு இதை மாற்றும் திட்டத்தை அறிவித்தது. எழுத்துப் பிழையாலோ நிர்வாகத் தவறாலோ மென்பொருள் கோளாறாலோ கூடுதலாகப் போயிருந்தால், சில நிபந்தனைகளோடு, கைக்கு வந்த தொகையை மட்டும் ஊழியரிடம் வாங்கிக்கொண்டு வரிப் பகுதியை வேலை கொடுத்தவரே வரித்துறையிடமிருந்து பெறலாம் என்று ஆயிற்று.

உங்கள் நாட்டு விதி எதுவானாலும் நடைமுறையில் நான் சொல்வது இதுதான்: ஊழியரிடம் முதலில் 8,100 மட்டும் கேளுங்கள். 900-ஐ நிறுவனமே திரும்பப் பெற வழி இருந்தால் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்து பெறுங்கள். ஊழியர் மட்டும்தான் பெற முடியும் என்றால், தேவையான சான்றைத் திருத்திக் கொடுத்து, விண்ணப்பத்தை நிரப்ப உதவி செய்து, அந்தப் பணம் அவர் கணக்கில் வந்த பிறகு தரும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முன்கூட்டியே அவர் பையிலிருந்து போட வைக்காதீர்கள். சேமநிதிக்கும் இதே கேள்வி உண்டு. அவர் பங்கு 2,480 போலவே, நிறுவனத்தின் பங்கும் கூடுதலாகப் போயிருக்கும். நிதியை நிர்வகிக்கும் அமைப்பு பின்னோக்கித் திருத்த அனுமதிக்கிறதா, வரும் மாதப் பங்கில் கழித்துக்கொள்ளச் சொல்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவர் பங்கைத் திரும்பப் பெறவே முடியாது என்று அவர்கள் சொன்னால், அந்த 2,480 அவருடைய சேமிப்பாக நிதியில் நின்றுவிடும். அந்த நிலையில் அதை என்ன செய்வது என்று வெளிப்படையாகப் பேசித் தீர்மானியுங்கள். அவர் ஓய்வு பெறும்போதுதான் தொட முடிகிற பணத்துக்காக இன்றைய சம்பளத்தில் பிடிப்பது சரியில்லை என்பது என் கருத்து.

மென்பொருளில் இதை எப்படிப் பதிவது என்பதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது முக்கியம். ஒன்று, வருமானப் பக்கத்தில் கழித்தல் குறியோடு ஒரு தொகையைப் போடுவது. அப்போது வரிக்கும் சேமநிதிக்கும் முன்பே மொத்தம் குறைகிறது, பிடித்தங்கள் தானாகக் குறைகின்றன. இந்த வழியில் போட வேண்டியது மொத்தத் தொகை, அதாவது 24,800. இன்னொன்று, பழைய மாதங்களைத் திருத்தி மறுபடி ஓட்டி, வித்தியாசத்தை ஊழியரிடமிருந்து வர வேண்டிய கடனாக வைத்து, வரிக்குப் பிறகான பிடித்தமாகத் தவணையில் கழிப்பது. இந்த வழியில் போட வேண்டியது கைக்கு வந்த தொகை, 20,088. இரண்டையும் கலந்தால்தான் விபரீதம். 24,800-ஐ வரிக்குப் பிறகான பிடித்தப் பகுதியில் போட்டுவிட்டால் ஊழியர் 4,712 கூடுதலாக இழப்பார். சம்பளச் சீட்டில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பிடித்தம் தொடங்கும் முன் அவருடைய ஆண்டு மொத்த வருமானத்தைப் பார்ப்பது. பிடித்தம் வரிக்குப் பிறகு என்றால், பழைய மாதங்கள் திருத்தப்பட்டு ஆண்டு வருமானம் ஏற்கெனவே குறைந்திருக்க வேண்டும். குறையாமல் அப்படியே நிற்கிறது, ஆனால் பிடித்தம் மட்டும் வரிக்குப் பிறகு ஓடுகிறது என்றால், அவர் சம்பாதிக்காத பணத்துக்கு வரி கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். அதில் கடன் எவ்வளவு, எவ்வளவு கட்டியாயிற்று, எவ்வளவு மீதி என்பது நிலையான எண்களாக இருக்கும். முதல் வழியில், பிடிக்கும் மாதங்களின் மொத்தச் சம்பளம் செயற்கையாகக் குறைந்து, அந்த மாத ஓவர்டைம், விடுப்புச் சம்பளம், போனஸ் கணக்கு எல்லாம் குறைவான எண்ணில் நிற்கும் ஆபத்து இருக்கிறது. நடுவில் வரி விகிதம் மாறினால் கைக்கு வந்ததும் திருப்பியதும் சமமாகாது. தவிர, ஆண்டு மாறியிருக்கும்போது முதல் வழி பழைய ஆண்டின் தவறைப் புதிய ஆண்டின் வருமானத்தில் கழித்துவிடும். பல வரித்துறைகள் அதை ஏற்பதில்லை.

சரி, எந்த வேகத்தில் பிடிப்பது?

முதலில் சட்டம். ஊழியர் எழுத்தில் சம்மதிக்காமல் சம்பளத்தில் கை வைக்கவே கூடாது என்று சொல்லும் இடங்கள் உண்டு. பிரிட்டனின் 1996-ம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் பொதுவாகச் சம்மதமில்லாத பிடித்தத்தைத் தடுக்கிறது, ஆனால் கூடுதலாகப் போன சம்பளத்தைத் திரும்ப எடுப்பதற்கு விலக்குத் தருகிறது. நியூயார்க் மாநில விதியில், அடுத்த சம்பளத்துக்குள் அடங்காத தொகை என்றால் ஒவ்வொரு முறையும் மொத்தச் சம்பளத்தில் 12.5 சதவீதத்துக்கு மேல் பிடிக்க முடியாது, முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும். இந்தியாவில் எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து பொதுவாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அரசு ஊழியர்கள் விஷயத்தில், ஓய்வு பெற்றவர்களிடமும் ஓராண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவர்களிடமும் கீழ்நிலைப் பணியாளர்களிடமும் ஐந்தாண்டுக்கு மேலாகத் தவறாகப் போன தொகையிலும் திரும்பப் பிடிப்பதை 2014-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்த விதிகளுக்கெல்லாம் அடியில் ஒரே கவலைதான் இருக்கிறது: தன்னுடையது என்று நம்பி ஒருவர் செலவழித்துவிட்ட பணத்தைத் திடீரென்று கேட்டால் அவர் என்ன செய்வார்? ஆகவே உங்கள் இடத்துச் சட்டம், வேலை ஒப்பந்தத்தில் பிடித்தம் பற்றிய ஷரத்து, தொழிற்சங்க ஒப்பந்தம் இருந்தால் அதுவும், மூன்றையும் தொகை பேசுவதற்கு முன்பே படித்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் பிடிக்கலாம் என்று இருந்தாலும், சம்மதம் வாங்கிச் செய்வதுதான் நல்லது.

சட்டம் மேல் எல்லையைத்தான் சொல்லும். நியாயமான வேகத்துக்கு நான் வைத்திருக்கும் அளவு இது: பணம் எவ்வளவு காலத்தில் போனதோ, அதைவிடக் குறைந்த காலத்தில் திரும்ப எடுக்கக் கூடாது. மாதம் 3,240 வீதம் போனது, ஆகவே மாதம் 3,240-க்கு மேல் பிடிக்கக் கூடாது. அதையும் உச்சமாகத்தான் கொள்ள வேண்டும், ஏனென்றால் இங்கே இரண்டு இறக்கங்கள் ஒன்றாக வருகின்றன. ஆறரை மாதமாக அவர் வீடு 32,400-ல் ஓடிக்கொண்டிருக்கிறது. படி நின்றதுமே அது 29,160 ஆகிவிடும். அதற்கு மேல் இன்னொரு 3,240 பிடித்தால் 25,920. பழகிய வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. அவர் ஒரு தவறும் செய்யவில்லை.

பன்னிரண்டு தவணையாகப் போட்டால் மாதம் 1,674, கைக்கு வருவது 27,486. பிடித்தம் சரியான நிகரச் சம்பளத்தில் 6 சதவீதத்துக்கும் குறைவு. நிறுவனத்துக்கும் இது பெரிய சுமை இல்லை. வட்டி கேட்க வேண்டாம். முதல் தவணையை, படி நிற்கும் மாதத்திலேயே தொடங்காமல் ஒரு மாதம் தள்ளித் தொடங்குங்கள், சரியான சம்பளம் எவ்வளவு என்று அவர் ஒருமுறை பார்த்துவிடட்டும். முன்னதாகக் கட்டி முடிக்க விரும்பினால் அது அவர் விருப்பம். சிலர் கடன் இருப்பதையே விரும்பாமல் போனஸ் வந்ததும் அடைத்துவிடுவார்கள்.

தொகையும் தவணையும் தயாரானதும் அவரிடம் பேசலாம். அதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: அடுத்த சம்பளம் போகும் முன் படியை நிறுத்துங்கள், நிறுத்தியதைச் சம்பள நாளுக்கு முன்பே அவரிடம் சொல்லுங்கள். குறைந்த சம்பளத்தை வங்கிச் செய்தியில் பார்த்து அவரே ஓடி வரும் நிலை வந்தால், அப்புறம் நீங்கள் எவ்வளவு நியாயமாகக் கணக்குப் போட்டிருந்தாலும் பேச்சு சண்டையாகத்தான் தொடங்கும்.

அவரோடு தனியாக உட்கார்ந்து, மாத வாரியான தாளை முன்னால் வைத்துப் பேசுங்கள். ஏறக்குறைய இப்படி: “நீங்கள் பகல் ஷிப்டுக்கு மாறினதை நாங்கள் சம்பளத்தில் மாற்றாமல் விட்டுவிட்டோம். தவறு எங்களுடையது. இந்த மாதங்களில் உங்கள் கைக்குக் கூடுதலாக வந்தது இவ்வளவு. நடுவில் ஆறு இரவு வந்தீர்களே, அதற்கான பணத்தையும் இதில் கழித்திருக்கிறோம். வீட்டில் வைத்து நிதானமாகப் பாருங்கள். தவறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்ளலாம்.” அங்கேயே கையெழுத்துக் கேட்காதீர்கள். ஒரு வாரமாவது நேரம் கொடுங்கள். அந்த ஆறு இரவுகளை நீங்களாகவே கண்டுபிடித்துக் கழித்திருப்பது, நீங்கள் எவ்வளவு சொன்னாலும் வராத நம்பிக்கையைக் கொண்டுவரும். பணம் தர வேண்டியவரிடமே போய் அவருக்குச் சேர வேண்டியதைச் சொல்லும் கணக்கை யாரும் சந்தேகிப்பதில்லை.

“சம்பளச் சீட்டில் இரவுப் படி என்று தனி வரியாக இருந்ததே, நீங்கள் பார்க்கவில்லையா?” என்ற கேள்வி மேலாளரிடமிருந்து நிச்சயம் வரும். என் அனுபவத்தில் பெரும்பாலானவர்கள் கீழே இருக்கும் இறுதித் தொகையை மட்டும்தான் பார்க்கிறார்கள். அது மாறாமல் இருந்தால் சரியாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இங்கே தவறு நடந்தபோது தொகை கூடவில்லை, குறைய வேண்டியது குறையவில்லை, அவ்வளவுதான். அதைக் கவனிப்பது சம்பளப் பிரிவின் வேலை. ஆனால் ஒன்றைக் கட்டாயம் விசாரியுங்கள்: அவர் இதைப் பற்றி யாரிடமாவது கேட்டாரா? “ஷிப்ட் மாறினேனே, படி குறையவில்லையே” என்று அவர் மேற்பார்வையாளரிடம் கேட்டு, “அது சரியாகத்தான் இருக்கும்” என்று பதில் வந்திருந்தால் நிலைமையே வேறு. நிறுவனம் உறுதி சொன்ன பிறகு அவர் செலவழித்த பணம் அது. பல நாடுகளில் நீதிமன்றமே அந்தப் பகுதியைத் திரும்பக் கேட்க விடாது. விடுவதாக இருந்தாலும், அவர் கேட்ட நாளுக்குப் பிறகான தொகையைத் தள்ளுபடி செய்வதுதான் முறை என்று நான் நினைக்கிறேன். மின்னஞ்சலிலும் மேற்பார்வையாளரிடமும் இதைத் தேடிப் பார்த்துவிட்டே கூட்டத்துக்குப் போங்கள்.

அவர் ஒத்துக்கொண்டால் ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதுங்கள். எந்த மாதங்கள், ஏன் கூடியது, மொத்தம் எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, தவணை எவ்வளவு, எப்போது தொடங்கி எப்போது முடியும், வட்டி இல்லை, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். அவருக்கு நோய், விபத்து போன்று ஏதாவது நேர்ந்தால் தவணையை நிறுத்திவைக்கக் கேட்கலாம் என்றும் எழுதுங்கள். நடுவில் வேலையை விட்டால் என்ன ஆகும் என்பது எல்லாரும் மறக்கிற ஷரத்து. மீதியை இறுதிக் கணக்கிலிருந்து பிடிக்கலாம் என்றால் எவ்வளவு வரை என்று உச்ச வரம்பு குறியுங்கள், அதற்கு மேல் இருப்பதை அவர் வெளியிலிருந்து அதே தவணையில் கட்டலாம் என்று சேருங்கள். இந்த ஷரத்து இல்லாத ஒரு நிறுவனத்தில், விலகிப் போனவரின் கடைசி மாதச் சம்பளம் முழுவதையும் பிடித்துவிட்டார்கள். வழக்குத் தொழிலாளர் துறைக்குப் போனது. சரியாகப் போடப்பட்டிருந்த கணக்கையும் மறுபடி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டி வந்தது.

அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், எந்த எண்ணில் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேளுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு மாதத்தின் கணக்காகத்தான் இருக்கும், பாதி நேரம் அவர் சொல்வதில் விஷயம் இருக்கும். தீர்வு வரும்வரை சர்ச்சைக்குரிய பகுதியை விட்டுவிட்டு, இருவரும் ஏற்கிற தொகைக்கு மட்டும் தவணையைத் தொடங்கலாம்.

இன்னொன்றையும் அவரிடம் கேளுங்கள். கூடுதல் வருமானம் காட்டியதால் அவர் எதையாவது இழந்தாரா? வருமானத்தை வைத்துக் கிடைக்கும் அரசு உதவி, பிள்ளையின் கல்விக் கட்டணச் சலுகை, பிரிந்த துணைக்குத் தரும் பராமரிப்புத் தொகை, இவையெல்லாம் சம்பளச் சீட்டில் இருக்கும் எண்ணை வைத்துத்தான் தீர்மானிக்கப்படுகின்றன. தவறான எண்ணால் உதவி குறைந்திருந்தால், பணத்தைத் திருப்பிய பிறகும் அந்த நஷ்டம் அவரிடமே நிற்கும். திருத்திய மாத வருமானத்தைக் காட்டும் ஒரு சான்றுக் கடிதம் கொடுங்கள், அதை வைத்து அவர் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் மறுபரிசீலனை கேட்கலாம். கடிதத்துக்கு உங்களுக்குப் பத்து நிமிடம் ஆகும்.

கணக்குப் பிரிவுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சம்பளச் செலவில் 24,800 குறையும், எதிர்ப்பக்கத்தில் ஊழியரிடமிருந்து வர வேண்டியது 20,088, வரித்துறையிடமிருந்து 2,232, சேமநிதியிடமிருந்து 2,480 என்று மூன்றாகப் பிரிந்து நிற்க வேண்டும். நிறுவனத்தின் சேமநிதிப் பங்கு தனி. எல்லாவற்றையும் ஊழியர் பெயரில் ஒரே வரியாக எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்து வரும் வேறொரு கணக்காளர் அவர் 24,800 கடன்பட்டவர் என்று நினைத்துவிடுவார்.

இது எப்படி நடந்தது என்பதையும் இந்த வாரமே பாருங்கள், ஏனென்றால் இவர் ஒருவருக்கு மட்டும் நடந்திருக்க வாய்ப்புக் குறைவு. வழக்கமான காரணம் இதுதான்: ஷிப்ட் மாற்றம் அட்டவணையில் பதிவாகும், சம்பளப் பிரிவுக்கு வராது. மென்பொருளில் படிக்கு முடிவுத் தேதி இல்லாமல் இருக்கும், யாராவது நிறுத்தும்வரை ஓடும். இரவுப் படி வாங்குகிற எல்லாரையும், அந்தந்த மாத ஷிப்ட் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படி இருக்கிறது, இரவு வேலை இல்லை என்று வருகிறவர்கள் ஒரு பட்டியல். இரவு வேலை இருக்கிறது, படி இல்லை என்று வருகிறவர்கள் இன்னொரு பட்டியல். இரண்டாவது பட்டியலில் யாராவது இருந்தால் அவர்களுக்கு இந்த மாதமே முழுத் தொகையையும் கொடுத்துவிடுங்கள், அவர்களுக்குத் தவணை கிடையாது. இனிமேல் படிகளுக்கு முடிவுத் தேதி இல்லாமல் பதிய முடியாதபடி செய்து, ஷிப்ட் தொடர்ந்தால் மட்டும் நீட்டியுங்கள்.

தவணை ஓடும் மாதங்களில் சம்பளச் சீட்டில் பிடித்தத்தைத் தனி வரியாக, மீதித் தொகையோடு காட்டுங்கள். பன்னிரண்டாவது தவணையோடு பிடித்தம் தானாக நிற்கும்படி மென்பொருளில் மொத்த வரம்பாக 20,088-ஐப் போடுங்கள், மாதத் தொகையை மட்டும் போட்டு விடாதீர்கள். அப்படி விட்டால் பதின்மூன்றாவது மாதமும் 1,674 போகும், இந்த முறை கூடுதலாகப் பிடித்தது நீங்களாக இருப்பீர்கள். கடைசித் தவணை முடிந்ததும் கடன் தீர்ந்தது என்று இரண்டு வரியில் எழுதிக் கொடுத்து, அந்த ஆண்டின் வருமானச் சான்றில் திருத்திய எண்தான் வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.